ஜப்தி ஆன சொத்து யாருடையது? ஒரு தீர்ப்பாணையும் சில சூழல்களும்

நீதிமன்ற அமீனா ஒரு வீட்டின் முன் வந்து நிற்கிறார். உடன் வந்தவர் தமுக்கு அடிக்கிறார். அமீனா கையிலிருக்கும் உத்தரவை உரக்கப் படித்துவிட்டு, அதன் நகலை வாசற்கதவில் ஒட்டுகிறார். அக்கம்பக்கத்தார் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அன்று மாலைக்குள் தெரு முழுவதும் ஒரே பேச்சாக இருக்கும்: "அவர் வீடு போய்விட்டதாம்."

வீடு எங்கும் போகவில்லை. அன்று காலையில் யாருக்குச் சொந்தமோ, மாலையிலும் அவருக்கே சொந்தம். அவர் அதில் குடியிருக்கலாம், வாடகை வாங்கலாம், சுவருக்கு வெள்ளையடிக்கலாம். செய்யக்கூடாதது ஒன்றுதான்: அதை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானமாக எழுதிக்கொடுக்கவோ கூடாது. ஜப்தி, அல்லது சட்டத் தமிழில் பற்றுகை, ஒரு தடை மட்டுமே. கடன் கொடுத்தவருக்கு அந்தச் சொத்தில் அது எந்த உரிமையையும் உண்டாக்கிக் கொடுப்பதில்லை.

இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இல் குழப்பமாகத் தெரியும் பல விதிகள் தாமாகவே விளங்கும். அதைப் படித்துக்காட்டுவதைவிடச் சோதித்துக் காட்டுவதே நல்லது என்பது என் அனுபவம். ஒரே தீர்ப்பாணையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒரு விவரத்தை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

கதிரவன் என்பவர் மாணிக்கத்துக்குப் புரோநோட்டின் பேரில் பணம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பணம் திரும்பவில்லை. வழக்குப் போட்டார். 2022 ஜூன் மாதம் நீதிமன்றம் 5,00,000 ரூபாய்க்குத் தீர்ப்பாணை வழங்கியது. அன்று முதல் ஆண்டுக்கு ஆறு சதவீத வட்டி, வழக்குச் செலவு 40,000 ரூபாய். ஓராண்டு காத்திருந்தும் காசு வரவில்லை. 2023 ஜூன் மாதம் கதிரவன் நிறைவேற்று மனு போடுகிறார். வட்டி 30,000 சேர்த்து, அன்றைய நிலுவை 5,70,000 ரூபாய்.

தீர்ப்பாணை கிடைத்தால் நீதிமன்றமே பணத்தை வசூலித்துத் தந்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படி நடப்பதில்லை. கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்குப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் தீர்ப்பாணை தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டால், நிறைவேற்றுவதற்கு முன் கடனாளிக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்கிறது கட்டளை 21, விதி 22. கதிரவன் ஓராண்டிலேயே வந்துவிட்டதால் அந்தச் சுற்று அவருக்கு இல்லை. எதைப் பற்றிக்கொள்வது என்பதையும் அவரேதான் சொல்ல வேண்டும். வீடோ நிலமோ என்றால் சர்வே எண்ணோ நான்கெல்லையோ கொடுத்து, அதில் கடனாளிக்கு எவ்வளவு பங்கு என்பதையும் தனக்குத் தெரிந்த அளவுக்கு எழுதித் தர வேண்டும். கடனாளியிடம் என்ன சொத்து இருக்கிறது என்றே தெரியாவிட்டால், அவரை நீதிமன்றத்துக்கு அழைத்து விசாரிக்கவும், சொத்து விவரத்தை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொல்லவும் அதே கட்டளையின் விதி 41 இடம் தருகிறது. இனி நான் சொல்லும் விதிகளும் அந்தக் கட்டளையில் உள்ளவையே. நிறையப் பேர் இந்த விதியைப் பயன்படுத்துவதே இல்லை. அது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

முதல் சூழல்: மாணிக்கம் மாதச் சம்பளக்காரர்

மாணிக்கத்துக்கு மாதம் 46,000 ரூபாய் சம்பளம். ஜப்தியிலிருந்து விலக்கப்பட்ட படிகள் ஏதும் இருந்தால், அவற்றைக் கழித்த பிறகு வரும் தொகை இது என்று கொள்வோம். இதில் எவ்வளவு பிடிக்கலாம்?

சட்டத்தின் 60-ஆம் பிரிவு முதல் ஆயிரம் ரூபாயைத் தொடக்கூடாது என்கிறது. மீதி 45,000. அதில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. ஆக 30,000 போய், எஞ்சியிருக்கும் 15,000 ரூபாயை மட்டும் மாதாமாதம் பிடிக்கலாம். சம்பளம் வழங்கும் அதிகாரிக்கு நீதிமன்றம் உத்தரவு அனுப்பும். அவர் பிடித்து நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். உத்தரவு கையில் கிடைத்த பிறகும் பிடிக்காமல் முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டால், அந்தத் தொகைக்குச் சம்பளம் தரும் தரப்பே பொறுப்பாகிவிடும்.

கணக்கு சுலபமாகத் தெரிகிறது. மாதம் 15,000 என்றால், 5,70,000 ரூபாயை அடைக்க முப்பத்தெட்டு மாதம் போதும் என்று கதிரவன் நினைப்பார். வட்டி ஓடிக்கொண்டே இருப்பதால் இன்னும் சில மாதம் கூடும் என்றும் சேர்த்துக்கொள்வார். இங்கேதான் அவர் தவறுகிறார். ஒரே தீர்ப்பாணைக்காகச் சம்பளம் மொத்தம் இருபத்து நான்கு மாதம் பிடிக்கப்பட்டுவிட்டால், அதன் பிறகு அந்தத் தீர்ப்பாணைக்காக அந்தச் சம்பளத்தைத் தொடவே முடியாது. இடைவெளி விட்டுவிட்டுப் பிடித்தாலும் மாதங்களைக் கூட்டித்தான் கணக்கு. இருபத்து நான்கு மாதத்தில் கிடைப்பது 3,60,000 ரூபாய். மீதி இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு வேறு சொத்தைத் தேடித்தான் ஆக வேண்டும்.

ஆகவே சம்பள ஜப்தியை நம்பி, கையிலிருக்கும் மற்ற வழிகளை இரண்டு ஆண்டு தூங்கவிடுவது பெரிய பிழை. அந்த இரண்டு ஆண்டில் கடனாளி தன் பெயரிலிருக்கும் மனையை விற்றுவிட முடியும். அதைத் தடுக்க அந்த மனையின் மீது ஒரு ஜப்தியும் இருக்காது.

ஜீவனாம்சத் தீர்ப்பாணைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மூன்றில் ஒரு பங்கு சம்பளத்துக்குத்தான் விலக்கு, மீதியைப் பிடிக்கலாம்.

இரண்டாவது சூழல்: மனை ஒன்று, தேதிகள் பல

மாணிக்கத்தின் பெயரில் ஒரு வீட்டு மனை இருக்கிறது. நீதிமன்றம் 2023 செப்டம்பர் 1 அன்று ஜப்தி உத்தரவு போடுகிறது. அமீனா செப்டம்பர் 14 அன்று இடத்துக்குப் போய்த் தமுக்கு அடித்து, உத்தரவை ஒட்டுகிறார். நீதிமன்றத்தின் விளம்பரப் பலகையிலும் அதே நகல் ஒட்டப்படுகிறது. நிலவரி கட்டும் நிலமாக இருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், கிராமத்து நிலமாக இருந்தால் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும்.

இதில் ஜப்தி எந்தத் தேதியில் நடந்தது? கேள்வி சாதாரணமாகத் தோன்றும். ஆனால் ஜப்தி வழக்குகளில் பாதிக்குப் பாதி இந்தக் கேள்வியில்தான் முடிவாகின்றன. 1928-இல், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் இதற்குத் தெளிவான பதில் சொன்னது: உத்தரவு என்பது ஒன்று, ஜப்தி என்பது வேறொன்று. உத்தரவு பிறந்து, சட்டம் சொல்லும் மற்றக் காரியங்களும் நடந்து முடிந்தால்தான் சொத்து பற்றப்பட்டதாகும்.

இனி வாங்கியவரைக் கொண்டுவருவோம். அவர் விவரம் அறியாதவர், முழு விலையும் கொடுத்தவர்.

அவர் நவம்பர் 20 அன்று கிரயம் பெற்றுப் பதிவும் செய்துகொண்டார் என்றால், 64-ஆம் பிரிவு அவர் மீது பாய்கிறது. ஜப்திக்குப் பிறகு செய்த விற்பனை செல்லாது. வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை என்று அவர் சொல்வார். அது உண்மையாகவே இருக்கலாம். வில்லங்கச் சான்று பதிவு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த ஆவணங்களின் பட்டியல்தான். தகவல் அங்கே போய்ச் சேராத ஜப்தி அதில் தெரியாது. ஆனாலும் ஜப்தி முறையாக நடந்திருந்தால், அறியாமை அவரைக் காப்பாற்றாது.

ஆனால் "செல்லாது" என்ற சொல்லை அப்படியே நிறுத்திவிடக் கூடாது. சட்டத்தின் வாசகம் மிகக் கவனமாக எழுதப்பட்டது. அந்த விற்பனை, ஜப்தியின் கீழ் நிலைநாட்டக்கூடிய உரிமைகளுக்கு எதிராக மட்டும்தான் செல்லாது. மாணிக்கத்துக்கும் வாங்கியவருக்கும் இடையில் அது முழுமையாகச் செல்லும். நாளை மாணிக்கமோ, வாங்கியவரோ, வேறு யாரோ கதிரவனின் 5,70,000 ரூபாயையும் வட்டியையும் கட்டிவிட்டால் ஜப்தி விலகிவிடும். கிரயம் அப்படியே நிற்கும். கடன் தீர்ந்த பிறகு மாணிக்கம் வந்து, "நான் விற்றதே செல்லாது, மனையைத் திருப்பிக் கொடு" என்று கேட்க முடியாது. ஜப்தி ஒரு தடை மட்டுமே என்று தொடக்கத்தில் சொன்னதன் பொருள் இதுதான். யாருக்காகத் தடை போடப்பட்டதோ, அவருக்கு வேண்டிய அளவுக்குத்தான் அது வேலை செய்யும்.

அடுத்து, அதே ஆள் செப்டம்பர் 8 அன்று கிரயம் பெற்று அன்றே பதிவும் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற உத்தரவு அதற்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது. கதிரவன் உத்தரவு நகலைக் காட்டிச் சண்டை போடுவார். ஆனால் அமீனா அங்கே இன்னும் போகவில்லை. யாருக்கும் பகிரங்கமாக எதுவும் தெரிவிக்கப்படவில்லை. நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவருக்கு எதிராக அன்று ஜப்தி இல்லை. மனை அவருக்கே. உத்தரவு வாங்கிய கையோடு படிக் கட்டணம் கட்டி, அமீனாவை அனுப்ப ஏற்பாடு செய்யாமல் பதினைந்து நாள் தாமதித்தால் என்ன இழப்பு வரும் என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

மூன்றாவது மாற்றம் இன்னும் நுட்பமானது. கிரயப் பத்திரம் செப்டம்பர் 5 அன்று எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. பதிவானது செப்டம்பர் 22. நடுவில், 14-ஆம் தேதி, ஜப்தி. முதற்பார்வைக்குக் கதிரவன் பக்கம் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஜப்தி நாளில் பதிவே ஆகவில்லையே! ஆனால் பதிவுச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, பதிவான பத்திரம் பதிவு நாளிலிருந்து அல்ல, எழுதிக்கொடுத்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்கிறது. பதிவுக்குத் தாக்கல் செய்யச் சட்டம் நான்கு மாதம் அவகாசம் தருகிறது. இவர் அதற்குள் செய்துவிட்டார். ஆகவே செப்டம்பர் 5 அன்றே மனை மாணிக்கத்தின் கையைவிட்டுப் போய்விட்டது. 14-ஆம் தேதி பற்றுவதற்கு அங்கே மாணிக்கத்துடையது ஒன்றும் இல்லை. தமிழகத்திலிருந்து போன ஒரு வழக்கில், தீர்ப்புக்கு முந்தைய ஜப்தியைப் பற்றிப் பேசும்போது, உச்ச நீதிமன்றம் இதே முடிவுக்குத்தான் வந்தது.

அப்படியென்றால் முன்தேதியிட்டு ஒரு பத்திரம் எழுதிக்கொண்டு யாரும் தப்பிக்கலாமே என்று கேட்பீர்கள். தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. கதிரவன் அங்கே பார்க்க வேண்டியவை பத்திரத்துக்கு வெளியே இருக்கின்றன. முத்திரைத்தாள் எந்த நாளில், யார் பெயரில் வாங்கப்பட்டது? பணம் வங்கி வழியாகப் போனதா, போனது என்றால் எந்த நாளில்? வாங்கியவர் மாணிக்கத்துக்கு உறவா? பத்திரம் எழுதிய பிறகும் மாணிக்கமே வரி கட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறாரா? கடன் கொடுத்தவர்களை ஏமாற்றுவதற்காகச் செய்த மாற்றம் என்று காட்ட முடிந்தால், சொத்து மாற்றச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு அவருக்குக் கைகொடுக்கும்.

கடைசியாக, ஜப்திக்கு முன்னால் இருந்தது கிரயப் பத்திரமே இல்லை, வெறும் விற்பனை ஒப்பந்தம்தான். கிரயம் ஜப்திக்குப் பிறகு நடந்தது என்றால்? இதில் சட்டமே மாறியிருக்கிறது. 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்த திருத்தம் 64-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது: ஜப்திக்கு முன்பே ஒப்பந்தம் செய்து, அதைப் பதிவும் செய்திருந்தால், அதன்படி பிறகு எழுதிய கிரயத்துக்கு ஜப்தித் தடை பொருந்தாது. பதிவு என்ற சொல்தான் இங்கே எடை. ஜப்திக்குப் பிறகு வெள்ளைத்தாளில் முன்தேதியிட்டுத் தயாரித்த ஒப்பந்தங்களை நீட்டி ஜப்தியைக் குலைப்பதைத் தடுக்கவே அந்தச் சொல் அங்கே இருக்கிறது.

வாங்கியவர் தன் வாதத்தை எங்கே சொல்வது? தனி வழக்குப் போட வேண்டியதில்லை. அதே நிறைவேற்று நீதிமன்றத்தில், விதி 58-இன் கீழ் ஆட்சேப மனு போட வேண்டும். உரிமை யாருக்கு என்ற கேள்வியை அந்த நீதிமன்றமே முழுமையாக விசாரித்து முடிவு செய்யும்; அந்த முடிவு தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் உண்டு. ஆனால் ஏலம் முடியும்வரை காத்திருந்துவிட்டு வந்தால் அந்த மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேண்டுமென்றே தாமதித்தார் என்று தெரிந்தாலும் அப்படியே.

மூன்றாவது சூழல்: மனு தள்ளுபடியானால் ஜப்தி என்ன ஆகும்?

இந்த இடத்தில் நான் சற்று நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். நான் இளநிலை வழக்கறிஞராக இருந்த நாட்களில் கண்ணெதிரே பார்த்தது இது.

ஒரு முதியவர் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வழக்குக் கட்டைக் கொண்டுவந்தார். நான்கு ஆண்டுக்கு முன் வேறொருவர் மூலம் போட்ட நிறைவேற்று மனு. ஒரு வாய்தாவில் யாரும் ஆஜராகவில்லை என்று மனு தள்ளுபடியாகியிருந்தது. அவர் கலங்கவில்லை. "மனு போனால் என்ன தம்பி, ஜப்தி அப்படியே இருக்கிறதே! இதோ பாருங்கள், ஒட்டிய நகல்" என்று மடித்து வைத்திருந்த பழுப்பேறிய தாளை எடுத்துக் காட்டினார். நீதிமன்றத்துக்குப் போய்த் தள்ளுபடி உத்தரவின் நகலை எடுத்துப் பார்த்தேன். ஒரே வரி: மனுதாரர் ஆஜராகவில்லை, மனு தள்ளுபடி. ஜப்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஒரு வார்த்தை இல்லாததால், அன்றே அவருடைய ஜப்தி போய்விட்டிருந்தது. நான்கு ஆண்டுகளாக அவர் இல்லாத ஒன்றைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். நிலம் அதற்குள் கைமாறியிருந்தது.

விதி 57 சொல்வது இதுதான். எந்தக் காரணத்துக்காகவும் நிறைவேற்று மனு தள்ளுபடியாகும்போது, ஜப்தி தொடருமா நீங்குமா, தொடர்ந்தால் எந்த நாள்வரை என்று நீதிமன்றம் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாமல் விட்டுவிட்டால், ஜப்தி நீங்கியதாகவே கருதப்படும். மௌனம் கடனாளிக்குச் சாதகம்.

நம் கதிரவனுக்கு இதைப் பொருத்துவோம். மனையை ஜப்தி செய்தாயிற்று. 2024 மார்ச் மாதம் அவருடைய மனு, படிக் கட்டணம் கட்டவில்லை என்ற காரணத்துக்காகத் தள்ளுபடியாகிறது. உத்தரவில் ஜப்தி பற்றிய பேச்சு இல்லை. மே மாதம் மாணிக்கம் மனையை விற்கிறார். ஜூலையில் கதிரவன் புதிதாக நிறைவேற்று மனு போடுகிறார். பன்னிரண்டு ஆண்டு கெடு இன்னும் நிறைய இருப்பதால் மனு போடுவதில் தடையில்லை. தீர்ப்பாணைக்கு இரண்டு ஆண்டு தாண்டிவிட்டாலும், முந்தைய மனுவில் மாணிக்கத்துக்கு எதிராக வந்த கடைசி உத்தரவிலிருந்து இரண்டு ஆண்டு ஆகாததால், விதி 22-இன் அறிவிப்பும் தேவையில்லை. ஆனால் மனை? மே மாதம் அது விற்கப்பட்டபோது அதன் மேல் எந்தத் தடையும் இல்லை. விற்பனை நல்ல விற்பனை. ஜூலையில் போடும் புதிய ஜப்தி பழைய தேதிக்குப் பின்னோக்கிப் போகாது.

மனு தள்ளுபடியாகும் நிலை வந்தால், எழுந்து நின்று, "ஜப்தி தொடர வேண்டும், இன்ன தேதிவரை" என்று கேட்டுப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இரு தரப்பும் பேச்சுவார்த்தையில் இருக்கும்போது மனுவை முடித்துக்கொள்ளச் சம்மதிப்பவர்கள் இதைத்தான் அடிக்கடி மறக்கிறார்கள். கட்டைப் பார்க்க வரும் எவரிடமும் நான் முதலில் கேட்பது கடைசி உத்தரவின் நகலைத்தான். கதவில் ஒட்டிய தாள் இன்றைய நிலையைச் சொல்லாது.

நான்காவது சூழல்: கையில் கொடுத்த பணம்

இப்போது மாணிக்கத்தின் பக்கம் நின்று பார்ப்போம். ஜப்திக்குப் பயந்து, அவர் 2,00,000 ரூபாயை நேராகக் கதிரவன் வீட்டுக்கே கொண்டுபோய் ரொக்கமாகக் கொடுக்கிறார். ரசீது கேட்கவில்லை. சில மாதம் கழித்து, நீதிமன்றத்தில் கதிரவனின் கணக்கு இன்னும் முழுத்தொகையைக் காட்டுகிறது.

மாணிக்கம் உண்மையாகவே கொடுத்தவர். ஆனால் விதி 2 கடுமையானது. நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த பணத்தைத் தீர்ப்பாணை பெற்றவர் நீதிமன்றத்தில் தெரிவித்துப் பதியச் செய்ய வேண்டும். அவர் செய்யாவிட்டால் கடனாளியே மனு போட்டுப் பதியச் சொல்லலாம்; அதற்குக் கெடு பணம் கொடுத்த நாளிலிருந்து முப்பது நாள். பதியப்படாத தொகையை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளவே கூடாது. அது மட்டுமல்ல: எழுத்துச் சான்றோ, வங்கி வழியான செலுத்துகையோ, எதிர்த்தரப்பின் ஒப்புதலோ இல்லாமல் கடனாளி சொல்வதைப் பதியவும் முடியாது. ரொக்கமாகக் கொடுத்து, ரசீதும் வாங்காமல், முப்பது நாளும் கடந்துவிட்டால், அந்த இரண்டு லட்சத்தை இன்னொரு முறை கட்டச் சொல்லும் நிலை உண்மையாகவே வரும்.

கடனாளிக்குப் பாதுகாப்பான வழி மிக எளிது. நீதிமன்றத்திலேயே பணத்தைக் கட்டிவிட்டு எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்புவது, இல்லையென்றால் வங்கி மூலம் அனுப்பி, அந்த மாதத்துக்குள்ளேயே பதிவு மனு போடுவது. உறவினர்கள், நண்பர்கள் இடையே வரும் தீர்ப்பாணைகளில்தான் இந்தப் பிழை அதிகம் நடக்கிறது. முகத்துக்கு நேரே ரசீது கேட்கக் கூசுகிறார்கள்.

ஐந்தாவது சூழல்: முதலில் பற்றியவருக்கு முதல் பங்கா?

கதிரவன் மட்டுமல்ல, இன்னொருவரும் மாணிக்கத்தின் மீது 2,85,000 ரூபாய்க்குப் பணத் தீர்ப்பாணை வைத்திருக்கிறார். மனையை ஜப்தி செய்தவர் கதிரவன். ஓடியாடி ஏலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். செலவெல்லாம் போக நீதிமன்றத்தின் கையில் 5,70,000 ரூபாய் இருக்கிறது. கதிரவனுக்கு அது அப்படியே சரியாகப் போதும்.

ஆனால் பணம் நீதிமன்றத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பே அந்த இன்னொருவர் அதே நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போட்டுவிட்டார். 73-ஆம் பிரிவின்படி இருவருக்கும் விகிதப்படி பங்கு. மொத்தக் கடன் 8,55,000. கையிருப்பு அதில் மூன்றில் இரண்டு பங்கு. ஆக கதிரவனுக்கு 3,80,000, மற்றவருக்கு 1,90,000. ஜப்தி சொத்தின் மேல் கதிரவனுக்கு எந்த முன்னுரிமையும் தரவில்லை. அது தடை மட்டும்தானே! அடமானம் பெற்றவராக இருந்திருந்தால் அவருக்கு அந்தச் சொத்தின் மேலேயே உரிமை இருந்திருக்கும். ஜப்தி செய்தவருக்கு அது இல்லை. முந்திப் பற்றியது கதிரவனின் உழைப்பு; ஆனால் அதன் பலனை உரிய நேரத்தில் வந்தவர் எவரும் பகிர்ந்துகொள்ளலாம்.

ஆறாவது சூழல்: விவசாயியின் வீடும் இரண்டு ஏக்கரும்

இப்போது மாணிக்கம் சம்பளக்காரர் அல்ல, விவசாயி. தானே உழுது, அந்த வருமானத்தில் வாழ்பவர். குடியிருக்கும் வீடும் இரண்டு ஏக்கர் நிலமும் அவர் பெயரில் இருக்கின்றன.

அவர் குடியிருக்கும் அந்த வீட்டை ஜப்தி செய்ய முடியாது. உழவுக் கருவிகளையும், பிழைப்புக்குத் தேவையான மாடுகளையும், விதை தானியத்தையும் அப்படியே. இந்த விலக்குகளை விட்டுக்கொடுப்பதாக அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த எழுத்து செல்லாது. ஆனால் அந்த வீட்டையே அவர் அடமானம் வைத்திருந்து, அதன் பேரில் தீர்ப்பாணை வந்தால் கதை வேறு. நிலத்தில் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தாலும் விலக்கு இல்லை. அவர் அதில் குடியிருக்க வேண்டும்.

நிலத்தைப் பற்றலாம். அதன் மதிப்பு நாற்பது லட்சம் என்று வைத்துக்கொள்வோம், கடனோ 5,70,000. இரண்டு ஏக்கரையும் ஒரே மூச்சில் ஏலத்துக்குக் கொண்டுவந்து எட்டு லட்சத்துக்கு ஒருவருக்குத் தட்டிவிடலாமா? விதி 64 கூடாது என்கிறது. தீர்ப்பாணையை அடைக்க எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு பகுதியைத்தான் விற்க வேண்டும். இது நீதிமன்றத்தின் விருப்பம் அல்ல, கடமை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. கடனுக்கு மிஞ்சி விற்ற ஏலங்கள் ரத்தாகியும் இருக்கின்றன. கால் ஏக்கரோ அரை ஏக்கரோ பிரித்து விற்க முடியும் என்றால், பிரித்துத்தான் விற்க வேண்டும்.

மாணிக்கம் அதைச் சொல்ல வேண்டிய நேரம் ஏல விளம்பரம் தயாராகும் கட்டம். அப்போது வரும் அறிவிப்பைப் பலர் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். அன்று போய், "நிலத்தின் மதிப்பு இவ்வளவு, இந்தப் பகுதியை மட்டும் விற்றால் போதும்" என்று எழுதிக்கொடுத்தால், அவருடைய மதிப்பீட்டையும் விளம்பரத்தில் சேர்த்தாக வேண்டும். அன்று பேசாமலிருந்துவிட்டு, அப்போதே சொல்லியிருக்கக்கூடிய குறையை ஏலம் முடிந்த பிறகு, அதை ரத்து செய்யக் கேட்டு விதி 90-இன் கீழ் எழுப்பினால் எடுபடாது.

இத்தனையும் தவறவிட்டு ஏலம் எட்டு லட்சத்துக்கு முடிந்துவிட்டது என்றே கொள்வோம். மாணிக்கத்துக்கு இன்னும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அதற்கு எந்தக் குறையையும் நிரூபிக்க வேண்டியதில்லை. விதி 89-இன்படி, ஏலம் நடந்த நாளிலிருந்து அறுபது நாளுக்குள், ஏல விளம்பரத்தில் காட்டிய கடன் தொகையையும், ஏலத் தொகையில் ஐந்து சதவீதத்தையும் கட்டிவிட்டால் ஏலம் ரத்தாகும். அந்த ஐந்து சதவீதம் ஏலம் எடுத்தவருக்கு ஈடு. நம் கணக்கில் விளம்பரத் தொகை 5,70,000. எட்டு லட்சத்தில் ஐந்து சதவீதம் 40,000. ஆக 6,10,000 ரூபாய். விலை அடிமாட்டு விலையா, நியாய விலையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். பணம் முழுதாக இருக்க வேண்டும், நாளும் தவறக்கூடாது. அறுபதாவது நாளில் கொண்டுவந்தாலும் நிலம் மீளும். அறுபத்தொன்றாவது நாள் வந்தால், வேறு ஆட்சேபம் ஏதும் நிலுவையில் இல்லாவிட்டால், நீதிமன்றம் ஏலத்தை உறுதி செய்துவிடும். அமீனா தன் தெருவுக்குள் முதன்முதலாக வந்த நாளில் மாணிக்கத்தின் கையில் இருந்த உரிமை, ஏலம் எடுத்தவர் கைக்குப் போய்விடும்.